வேலைவாய்ப்புப் பதிவு: வரிசைக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று

என் அக்கா மகள் 2018ல் பத்தாம் வகுப்பு முடித்தாள். மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போன அன்றே பள்ளியிலேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் செய்துகொடுத்தார்கள். அட்டையைப் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் அக்கா பத்திரமாக வைத்தாள். 2021ல் புதுப்பிக்க வேண்டும் என்பது அந்த அட்டையிலேயே அச்சாகி இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. 2023ல் பி.காம் முடித்துவிட்டு, பட்டத்தையும் சேர்த்துப் பதியலாம் என்று அட்டையை வெளியே எடுத்தபோதுதான் பதிவு காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது தெரிந்தது. ஐந்து வருட சீனியாரிட்டி போய்விட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றையும் 2023 ஆகஸ்டில் புதிதாகப் பதிந்தோம்.

அந்தப் பதிவை உட்கார்ந்து செய்தது நான்தான். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்கும் செய்துகொடுத்திருக்கிறேன். எல்லோரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான். அரசின் வேலைவாய்ப்புத் தளம் என்பது ஒன்றல்ல. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு முக்கியமானவை இரண்டு, இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. tnvelaivaaippu.gov.in என்பது வரிசை. அங்கே நீங்கள் எந்தத் தகுதியோடு எந்தத் தேதியில் நின்றீர்கள் என்பதுதான் கணக்கு. tnprivatejobs.tn.gov.in என்பது சந்தை. அங்கே தேதிக்கு மதிப்பில்லை. ஆள் தேடும் நிறுவனம் என்ன சொல்லைப் போட்டுத் தேடுகிறதோ அந்தச் சொல் உங்கள் விவரத்தில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இரண்டையும் ஒரே மாதிரி நிரப்பினால் இரண்டிலும் பயனில்லாமல் போகும்.

உட்காரும் முன்

பத்தாவது மதிப்பெண் சான்றிதழ், பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ், டிகிரியோ புரொவிஷனல் சான்றிதழோ, சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு. தட்டச்சு, சுருக்கெழுத்து முடித்திருந்தால் அந்தச் சான்றிதழ்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் பள்ளி, கல்லூரியில் வாங்கிய தமிழ்வழிச் சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை 2010ல் சட்டமாகவே வந்துவிட்டது.

காகிதங்களைவிட முக்கியம் ஒரு செல்போன் நம்பரும் ஒரு மின்னஞ்சலும். இரண்டும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ஒரு நெட் சென்டரில் பதிந்துகொடுத்தார்கள். அவசரத்தில் கடையின் நம்பரையே போட்டுவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து பாஸ்வேர்டு மறந்துபோனபோது கடை இருந்த இடத்தில் செருப்புக்கடை இருந்தது. கடையில் போய்ச் செய்வதில் தவறில்லை. நம்பர் கேட்கும் இடத்தில் உங்கள் நம்பர் விழுகிறதா என்று திரையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். யூசர் ஐடி, பாஸ்வேர்டு இரண்டையும் உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

முதலில் வரிசை: tnvelaivaaippu.gov.in

புதுப் பதிவு பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தபோது பள்ளியில் பதிவு செய்தார்களா? பலருக்கு ஞாபகமே இருக்காது. வீட்டில் பழைய அட்டையைத் தேடுங்கள், பள்ளியில் கூடப் படித்தவர்களைக் கேளுங்கள். பதிவு இருந்து, அது உயிரோடும் இருந்தால், புதுப் பதிவு போடவே கூடாது. பழைய பதிவுக்குள் நுழைந்து கூடுதல் தகுதியைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தகுதிக்கும் அது பதிவான தேதியிலிருந்து தனித்தனி சீனியாரிட்டி உண்டு. பத்தாவதுக்கு 2018ல் கிடைத்த இடம், பட்டத்தை 2023ல் சேர்த்தாலும் 2018லேயே இருக்கும். புதிதாக இன்னொரு கணக்கைத் திறந்தால் அந்தப் பழைய இடத்தைக் கைவிடுவதுபோல ஆகிவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருப்பதும் பின்னால் தொல்லை.

பள்ளி வழியாகப் பதிவானவர்களுக்குப் பதிவு எண்தான் யூசர் ஐடி. மாவட்டத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து, பதிவு செய்த ஆண்டு, ஆணுக்கு M பெண்ணுக்கு F, பிறகு எட்டு இலக்க எண் என்று சேர்ந்து இருக்கும். அட்டையில் உங்கள் எண் 1234 என்று மட்டும் இருந்தால் முன்னால் பூஜ்யங்களைச் சேர்த்து எட்டு இலக்கமாக்க வேண்டும்.

```
XXX2018F00001234
```

முதல் பாஸ்வேர்டு பிறந்த தேதி. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில், நடுவில் சாய்கோடோடு dd/mm/yyyy என்று அடிக்க வேண்டும். உள்ளே போனதும் மாற்றிவிடுங்கள். உங்கள் பிறந்த தேதி ஊருக்கே தெரியும்.

உயிரோடு பதிவு ஏதும் இல்லையென்றால் புதுப் பயனர் பதிவுக்குப் போய் விவரங்களை நிரப்பலாம். இங்கே பிழை வருவது பெரும்பாலும் பெயரில். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக ஒட்டியிருக்கும், பத்தாவது சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். வாக்காளர் அட்டையில் எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். எல்லாவற்றுக்கும் அடிப்படை பத்தாவது மதிப்பெண் சான்றிதழ். அதில் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். ஆதாரில் வேறுபாடு இருந்தால் பிறகு ஆதாரைத் திருத்திக்கொள்ளலாம். முகவரிக்கு ரேஷன் கார்டைப் பாருங்கள். எந்த மாவட்டத்தில் பதிவு என்பதை முடிவு செய்வது முகவரிதான்.

அடுத்தது கல்வித்தகுதிப் பக்கம். நிதானமாகச் செய்ய வேண்டிய பக்கம் இது. பட்டத்தைத் தேர்வு செய்யும்போது வெறும் B.Com, B.Com கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், B.Com கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் எல்லாம் வேறு வேறு. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால் பட்டியலில் முதலில் தென்படுவதை அழுத்திவிடுகிறோம். நீங்கள் தேர்வு செய்யும் தகுதிக்கு ஏற்ப உங்கள் பெயர் ஒரு குறியீட்டின் கீழ் போய் உட்கார்கிறது. பணியிடம் கேட்டு வரும் துறை எந்தத் தகுதியைக் கேட்கிறதோ, அதற்குரிய வரிசையிலிருந்துதான் பெயர்களை எடுப்பார்கள். தவறான பாடத்தைத் தேர்வு செய்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பதிவு வெற்றிகரமாக முடிந்துவிடும், ஆனால் நீங்கள் நிற்பது வேறு வரிசையில். அதனால் டிகிரி சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, அதில் அச்சான பெயரையே தேடி எடுங்கள். பயிற்று மொழி தமிழா ஆங்கிலமா என்பதையும் சான்றிதழ்படியே கொடுங்கள்.

தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் மதிப்பெண் சான்றிதழில் இருப்பதுதான். பட்டமளிப்பு விழா நடந்த தேதி வேறு. அரியர் வைத்து முடித்தவர்கள் கடைசித் தாள் பாஸான மாதத்தைப் போட வேண்டும்.

திறன்களில் இந்தத் தளத்துக்கு உண்மையில் தேவைப்படுபவை சான்றிதழ் உள்ளவை. தட்டச்சு இதற்கு நல்ல உதாரணம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இளநிலை நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை 45 சொல். தமிழும் ஆங்கிலமும் தனித்தனித் தேர்வு, தனித்தனிச் சான்றிதழ். அக்கா மகள் ஆங்கிலம் முதுநிலை, தமிழ் இளநிலை முடித்திருந்தாள். “தட்டச்சு தெரியும்” என்று ஒரே வரியில் முடிக்காமல் இரண்டையும் மொழியும் நிலையும் சொல்லிப் பதிந்தோம். தட்டச்சர் பணிக்கு இரண்டு மொழியும் கேட்பார்கள். ஒன்றை விட்டுவிட்டால், கையில் சான்றிதழ் இருந்தும் அந்தப் பணிக்கான பட்டியலில் பெயர் வராது.

முதுகலைப் பட்டதாரிகளும் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படிப்புகளுக்கான பதிவு மாவட்ட மையத்தில் கிடையாது. அதற்கென்று சென்னையிலும் மதுரையிலும் தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. பத்தாவது முதல் இளங்கலை வரை மாவட்டத்தில் இருக்கும், முதுகலை மட்டும் அங்கே இருக்கும்.

எல்லாம் சேமித்ததும் பதிவு அட்டையைத் திறந்து, பிரின்ட் எடுக்கும் முன் திரையிலேயே நான்கு விஷயங்களைப் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு தகுதிக்கும் எதிரில் உள்ள பதிவுத் தேதி, புதுப்பிக்க வேண்டிய மாதம். இதில் ஏதாவது ஒன்று தவறென்றால் அசல் சான்றிதழ்களோடு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு நேரில் போய்த் திருத்தச் சொல்லுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அழைப்பு வரும் நாளில்தான் மறுபடி ஞாபகம் வரும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை

புதுப்பித்தல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. பதிவு செய்த மாதமே புதுப்பிக்கும் மாதம். அதைத் தாண்டினால் சலுகையாக இரண்டு மாதம். அக்கா மகள் 2023 ஆகஸ்டில் பதிந்தாள். அவள் புதுப்பிக்க வேண்டியது 2026 ஆகஸ்ட். சலுகையோடு சேர்த்தால் அக்டோபர் வரை போகும். அந்த இரண்டு மாதத்தை இல்லாததாகவே நினைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தளத்துக்குள் நுழைந்து புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் ஐந்து நிமிட வேலை. முடிந்ததும் அட்டையை மறுபடி எடுத்து, அடுத்த புதுப்பிப்பு மாதம் 2029 என்று மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறவில்லையென்றால் புதுப்பிக்கவில்லை என்றுதான் பொருள்.

தவறவிட்டவர்களுக்காக அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் ஆணை வெளியிட்டிருக்கிறது. எந்தெந்த ஆண்டுகளில் தவறவிட்டவர்களுக்கு என்று அந்த ஆணையிலேயே வரம்பு இருக்கும். அது எப்போது வரும், உங்கள் ஆண்டு அதில் இருக்குமா என்பதை நம்பி உட்கார முடியாது.

வேலை வராவிட்டாலும் இந்தப் பதிவு கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: வேலையில்லா இளைஞர்களுக்கான உதவித்தொகை. பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், அந்த ஐந்து வருடமும் பதிவு அறுபடாமல் இருந்திருக்க வேண்டும். மாதம் பத்தாவது தவறியவர்களுக்கு 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மூன்று வருடம் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45க்குள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டங்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு செய்து ஒரு வருடம் ஆனால் போதும், தொகையும் கூடுதல். அக்கா மகளின் பழைய பதிவு உயிரோடு இருந்திருந்தால் 2023லேயே பத்தாவதுக்கான ஐந்து வருடக் கணக்கு முடிந்திருக்கும். புதுப் பதிவுக்கு அந்தக் கணக்கு 2028 ஆகஸ்டில்தான் முடியும். அக்கா அந்த அட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் கண் கலங்குவாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வரிசையில் நிற்பதால் மட்டும் அரசு வேலை வந்துவிடாது. பெரும்பாலான அரசுப் பணிகள் டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியாகப் போட்டித் தேர்வில் போகின்றன. அந்தத் தேர்வுகளுக்கு இங்கே செய்த பதிவு விண்ணப்பமாகாது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் வைத்து ஆள் எடுக்காமல் பொது அறிவிப்பும் கொடுக்க வேண்டும் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்ன பிறகு, பட்டியலுக்கு இருந்த பழைய பலம் குறைந்துவிட்டது. அதனால்தான் இரண்டாவது தளம் தேவைப்படுகிறது.

பிறகு சந்தை: tnprivatejobs.tn.gov.in

இதுவும் அதே வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் தளம்தான். தனியார் நிறுவனங்கள் காலியிடங்களைப் போடும், வேலை தேடுகிறவர்கள் விவரத்தைப் பதிவார்கள். இரு தரப்புக்கும் கட்டணம் இல்லை. பதிவுக்கு என்று யாராவது பணம் கேட்டால் அது இந்தத் தளத்தின் பணம் அல்ல. வேலை தேடுபவராகக் கணக்குத் தொடங்கி, கல்வியைப் பதிவது பழைய கதைதான். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் திறன், அனுபவம், விருப்பம் ஆகிய மூன்றுக்கும் நேரம் கொடுங்கள்.

அக்கா மகள் முதல் தடவை தானே நிரப்பிய விவரத்தில் திறன் என்ற இடத்தில் இருந்தது இதுதான்.

```
Computer knowledge, hard working, good communication
```

ஒரு மாதம் எந்த அழைப்பும் இல்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவரைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். “மாமா, நாங்க ஆள் தேடும்போது டேலி தெரியுமா, ஜிஎஸ்டி போடத் தெரியுமான்னுதான் பார்ப்போம். உழைப்பாளியான்னு எந்தப் பெட்டியிலயும் தேட முடியாது” என்றார். பிறகு அவளை உட்காரவைத்துக் கேட்டேன். டேலியில் எதுவரை போட்டிருக்கிறாய்? விற்பனை, கொள்முதல் வவுச்சர் போடத் தெரியும், பேங்க் ரீகன்சிலியேஷன் தெரியும். ஜிஎஸ்டி? ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று மாதம் போனபோது GSTR-1 தயாரித்திருக்கிறாள், GSTR-3B பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். எக்செல்? பிவட் டேபிள் வரும், VLOOKUP வரும். அதை இப்படி எழுதினோம்.

```
Tally Prime: sales and purchase vouchers, bank reconciliation
GST: GSTR-1 preparation
MS Excel: VLOOKUP, Pivot Table
Typewriting: English Senior, Tamil Junior
```

GSTR-3Bயை வேண்டுமென்றே விட்டோம். பார்த்தது வேறு, செய்தது வேறு. நேர்முகத்தில் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து “ஒரு மாதத்துக்குப் போட்டுக் காட்டு” என்று சொல்கிற ஊர் எங்கள் ஊர். அந்த மூன்று மாதத்தை அனுபவத்தில் சேர்த்தோம். சம்பளம் இல்லாமல் போனதுதான் என்று அவள் தயங்கினாள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன வேலை என்று உண்மையாகச் சொன்னால் பயிற்சியும் அனுபவம்தான்.

இதே முறையை எந்தத் தொழிலுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஐடிஐ ஃபிட்டர் முடித்த பையன் “மெஷின் தெரியும்” என்று எழுதுவதைவிட லேத், மில்லிங், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று எழுதினால் தேடுபவர் கண்ணில் விழும். எழுதும் முன் அதே தளத்தில் உங்கள் துறையில் வந்திருக்கும் பத்து வேலை அறிவிப்புகளைப் படியுங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் உங்களுக்கு உண்மையாகத் தெரிந்தவற்றை அதே எழுத்துக்கூட்டலில் போடுங்கள்.

விருப்பம் என்ற பகுதி

எந்த ஊர், எவ்வளவு சம்பளம், என்ன வேலை. இதை யாரும் யோசித்து நிரப்புவதில்லை. அக்கா மகள் ஊருக்கு “தமிழ்நாடு முழுவதும்”, சம்பளத்துக்கு 25,000 என்று போட்டிருந்தாள். எதையும் தவறவிடக் கூடாது என்ற எண்ணம். ஆனால் திறனைத் திருத்திய பிறகு வந்த ஒன்றிரண்டு அழைப்புகள் ஓசூரிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும், அதுவும் உற்பத்திப் பிரிவு வேலைக்கு. வீட்டில் அனுப்பப் போவதில்லை என்பது அவளுக்கே தெரியும். இருபது கிலோமீட்டருக்குள் இருந்த சிவகாசி நிறுவனங்கள் 25,000 என்று பார்த்ததுமே கடந்துபோயிருக்கும்.

உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். தினம் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஊர்கள் எவை, ஹாஸ்டல் கிடைத்தால் போகக்கூடிய ஒரே ஊர் எது? சாத்தூர், சிவகாசி, விருதுநகர், பிறகு மதுரை. சம்பளத்துக்கு, அந்த ஊர்களில் புதிதாகச் சேரும் கணக்கு உதவியாளருக்கு அறிவிப்புகளில் என்ன போடுகிறார்கள் என்று பார்த்து, அதன் நடுப்பகுதியைப் போட்டோம். வேலையின் பெயருக்கு Accounts Assistant, Junior Accountant, Billing. “எந்த வேலையும்” என்று போடவில்லை. அப்படிப் போட்டவரை எந்த வேலைக்குக் கூப்பிடுவது என்று எதிர்த்தரப்புக்கும் தெரியாது. மாற்றிய மூன்றாவது வாரம் விருதுநகரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது, பிறகு சிவகாசியிலிருந்து. இரண்டாவது இடத்தில் இப்போது வேலை பார்க்கிறாள்.

வெளி மாநிலத்துக்கும் போகத் தயாராக இருப்பவர்கள் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமான ncs.gov.inஇலும் இதே விவரத்தைப் பதியலாம். 2015 ஜூலையில் தொடங்கிய தளம், அதுவும் இலவசம். சந்தேகம் கேட்கக் கட்டணமில்லாத எண் அந்தத் தளத்திலேயே இருக்கிறது. அங்கேயும் தேடலில் விழுவதுதான் முறை என்பதால், திறனும் விருப்பமும் எழுதும் விதம் மாறாது.

சந்தைத் தளத்தின் விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். புதிதாகக் கற்றது, மாறிய நம்பர், இனி போக விரும்பாத ஊர் எல்லாவற்றையும் திருத்துங்கள். வரிசைத் தளத்தில் திருத்த வேண்டியது குறைவு. புதுத் தகுதி கிடைத்தால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே சேர்ப்பது, வீடு வேறு மாவட்டத்துக்கு மாறினால் புது ரேஷன் கார்டோடு பதிவை அங்கே மாற்றிக்கொள்வது, புதுப்பிப்பு மாதத்தைத் தவறவிடாமல் இருப்பது, அவ்வளவுதான். அக்கா மகளின் புது அட்டை இப்போது பீரோவில் இல்லை. சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அக்கா அதன் மேல் சிவப்பு மையில் “ஆகஸ்ட் 2026” என்று எழுதி வைத்திருக்கிறாள்.